மழையைத் தடுப்பது துணியா, தையலா?

மலேசியாவில் மழை எல்லாக் காலத்திலும் ஒரே விதமாகப் பெய்வதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில் நாள் கணக்கில் விடாத மழையைக் கொண்டு வரும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ, பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டிப் பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில நாள் விடியும் முன்பே மலாக்கா நீரிணையைக் கடந்து ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று மழையோடு வந்து மேற்குக் கரையைத் தாக்கும்.

பள்ளிக்கும் வேலைக்கும் செல்பவர்களுக்கு இந்த மழைகள் இரண்டு வகையான சோதனைகளை வைக்கின்றன. திடீரென்று வீசும் காற்று, குடையின் கம்பிகளைச் சோதிக்கிறது. விடாது பெய்யும் மழை, மழையங்கியின் தையல்களைச் சோதிக்கிறது. கடைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். ஆனால், குடையும் மழையங்கியும் துணியின் நடுவில் கெடுவது குறைவு. ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு சேரும் இடத்தில்தான் அவை முதலில் கெடுகின்றன.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்திற்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும்; வழியில் ஒதுங்கி நிற்கக் கூரை இல்லை. தந்தை ஷா ஆலமில் உள்ள தொழிற்சாலைக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் செல்கிறார். சென்ற மழைக்காலத்தில் மகளின் குடை உடைந்துபோனது. அதன் துணியில் ஒரு கிழிசலும் இல்லை. ஒரு கம்பி மட்டும் மடியும் இடத்தில் முறிந்திருந்தது. தந்தையின் மழைக் காற்சட்டையிலும் ஓட்டை எதுவும் இல்லை. இருந்தும், அவர் தொழிற்சாலையை அடையும்போது இருக்கையில் பட்ட பகுதி முழுவதும் நனைந்திருக்கும். இவ்விரு குறைகளுக்கும் காரணம் என்ன?

குடையின் எலும்புக்கூடு

விரித்த குடையின் உட்பக்கத்தைப் பார்த்தால் அதன் அமைப்பு எளிதில் புரியும். நடுவில் தண்டு இருக்கிறது. துணியைத் தாங்கி நிற்கும் கம்பிகள் தண்டின் உச்சியிலிருந்து விளிம்பு வரை பரவியிருக்கின்றன. தண்டின்மேல் ஏறி இறங்கும் வளையத்திலிருந்து சிறிய தாங்குகம்பிகள் புறப்பட்டு, அந்தக் கம்பிகளை நடுவில் உந்தி நிறுத்துகின்றன. வளையத்தை மேலே தள்ளும்போது தாங்குகம்பிகள் விரிகின்றன. துணி இழுபட்டு விறைப்பாகிறது.

நீண்ட குடையில் ஒவ்வொரு கம்பியும் ஒரே துண்டாக இருக்கும். இரண்டாக மடியும் குடையில் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மடிப்பு மூட்டு இருக்கும். புத்தகப் பைக்குள் அடங்கிவிடும் மூன்று மடிப்புக் குடையில் கம்பிக்கு இரண்டு மூட்டுகள் இருக்கும். எட்டுக் கம்பிகள் உள்ள மூன்று மடிப்புக் குடையில் மடிப்பு மூட்டுகள் மட்டும் பதினாறு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளையும் அதற்குள் ஒரு சிறிய ரிவெட் ஆணியும் உண்டு. துளையிட்ட இடத்தில் கம்பியின் உலோகம் குறைந்துவிடுகிறது. ஆகவே, காற்றின் விசை வரும்போது கம்பி அங்கேதான் வளைகிறது, அங்கேதான் முறிகிறது. குடை சிறிதாக மடிவதற்குக் கொடுக்கும் விலை அது.

காற்றின் விசையை ஒரு கணக்கின் மூலம் உணரலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள குடையை நேர் எதிரே வீசும் காற்றுக்குக் காட்டிப் பிடித்திருப்பதாகக் கொள்வோம். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், குடையின்மேல் ஏறக்குறைய 5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழும். வேகம் இரு மடங்காகி 72 கிலோமீட்டரானால் விசையும் இரு மடங்காகும் என்றே பலர் நினைப்பர். உண்மையில் அது நான்கு மடங்காகும். அதாவது ஏறக்குறைய 20 கிலோகிராம். காற்றின் விசை, அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதே இதற்குக் காரணம். சாதாரணக் காற்றில் ஆண்டு முழுவதும் தாங்கிய குடை, ஒரே ஒரு சூறைக்காற்றில் மடங்கிப்போவது இதனால்தான்.

கம்பி எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். முற்காலத்தில் ஐரோப்பாவில் குடைக்கம்பிகளுக்குத் திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடுகளைப் பயன்படுத்தினர். 1852ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் ஃபாக்ஸ் என்பவர், குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘ப’ என்னும் எழுத்தைப் போலத் தோன்றும் எஃகுக் கம்பியை அறிமுகப்படுத்தினார். தகட்டை இவ்வாறு பள்ளமாக வளைத்தால், குறைந்த எடையில் அதிக விறைப்புக் கிடைக்கிறது. இன்றும் பல குடைகளில் இந்த வடிவத்தைக் காணலாம். ஆனால், ‘ப’ வடிவத்தின் இரு சுவர்களும் ஒருமுறை நசுங்கிவிட்டால் கம்பி மீண்டும் பழைய நிலைக்கு வராது. கையால் நிமிர்த்தினாலும் அடுத்த காற்றில் அதே இடத்தில் மடியும். மேலும், எஃகின் மேற்பூச்சு உரிந்தால் துரு பிடிக்கும். அலுமினியம் துரு பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால், அது எஃகைவிட எளிதில் வளைந்துவிடும்.

கண்ணாடியிழைக் கம்பியின் இயல்பு வேறு. அது காற்றில் வில்லைப்போல வளைந்து, காற்று ஓய்ந்ததும் நிமிரும். குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டாலும் பெரும்பாலும் மறுபடியும் சரிசெய்துவிடலாம். இதிலும் ஒரு வரம்பு உண்டு. பல மடக்குக் குடைகளில் விளிம்புக்கு அருகிலுள்ள கடைசித் துண்டு மட்டுமே கண்ணாடியிழை. தண்டை ஒட்டிய துண்டுகள் எஃகு அல்லது அலுமினியம். கண்ணாடியிழை உலோகத்தோடு சேரும் இடம் தளர்ந்திருந்தால், வளையும் கம்பியால் பயனில்லை. எனவே, ‘கண்ணாடியிழைக் குடை’ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு நில்லாமல், குடையை விரித்து எந்தத் துண்டு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

சில குடைகளின் உச்சியில் துணி இரண்டு அடுக்காக இருக்கும். இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் உள்ள திறப்பின் வழியாகக் காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும். மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் போதிய அளவு படிந்திருப்பதால் மழைநீர் உள்ளே வருவதில்லை. காற்று அதிகம் வீசும் வெட்டவெளியில் நடப்பவர்களுக்கு இவ்வகை ஏற்றது.

குடைத் துணியும் அதைக் கட்டும் நூலும்

குடைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலானால் ஆனது. நைலான் மெல்லியது, வலிமையானது. ஆனால், அது ஈரத்தைச் சிறிதளவு உறிஞ்சி, நனையும்போது சற்றுத் தளரும். பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஆகவே, விரைவில் உலரும். விறைப்பும் அதிகம் குறையாது. சில குடைகளின் அட்டையில் ‘190 டி’, ‘210 டி’ போன்ற குறியீடுகள் இருக்கும். ஒரு சதுர அங்குலத் துணியில் நெடுக்கிலும் குறுக்கிலும் செல்லும் இழைகளின் மொத்த எண்ணிக்கையை அது குறிக்கிறது. ஒரே பருமனுள்ள இழையாக இருந்தால், எண் கூடக் கூட நெசவு நெருக்கமாக இருக்கும்.

எவ்வளவு நெருக்கமாக நெய்தாலும் இழைகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் இருக்கவே செய்யும். அதனால், துணியின் வெளிப்புறத்தில் நீரை விலக்கும் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். பூச்சு நன்றாக இருந்தால், துணியில் விழும் நீர் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டோடும். பூச்சுத் தேய்ந்துவிட்டால் நீர் பரவி, துணியின் நிறம் கருமையாகும். அந்த நிலையில் குடை உடனே ஒழுகாது. ஆனால், கனமாகும், உலர நேரமாகும், கனமழையில் உட்புறம் நுண்துளிகள் தெறிக்கத் தொடங்கும்.

துணிக்கும் கம்பிக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதே இல்லை. குடைத் துணி பல முக்கோணத் துண்டுகளைத் தைத்துச் செய்யப்படுகிறது. அந்தத் தையல்கள் கம்பிகளின் மேலேயே அமையும். அதோடு, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நடுவில் சில இடங்களிலும் துணியை நூலால் கட்டியிருப்பார்கள். நடுவில் உள்ள இந்தக் கட்டுகள் குறைவாக இருந்தாலோ, அறுந்துவிட்டாலோ, கம்பி துணியைவிட்டு விலகி ஒரு பக்கமாகச் சாயும். அப்போது ஒரு கம்பி தாங்க வேண்டிய விசையைப் பக்கத்துக் கம்பிகள் தாங்க நேரிடும். தரமான குடைகளில் உலோக மூட்டின்மேல் ஒரு சிறிய துணித் துண்டைச் சுற்றியிருப்பார்கள். மூட்டு துணியில் உராய்ந்து பொத்தலிடாமல் அது காக்கும்.

மழையங்கியின் துணி

காற்றோடு போராடும் குடைக்கு வலிமை வேண்டும்; உடலோடு ஒட்டியிருக்கும் மழையங்கிக்கு நீரின் அழுத்தத்தைத் தாங்கும் திறன் வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்குக் கடைகளில் பொதுவாக இரண்டு வகை மழையங்கிகள் கிடைக்கின்றன. ஒன்று பி.வி.சி. நெகிழியால் ஆனது. அதன் வழியாக நீர் சிறிதும் நுழையாது, விலையும் குறைவு. ஆனால், அது கனமாகவும் புழுக்கமாகவும் இருக்கும். பல மாதம் மடித்தே வைத்திருந்தால் மடிப்புக் கோட்டில் வெடிப்பு ஏற்படலாம். மற்றொன்று, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சுப் பூசியது. இது இலேசானது, உடலின் அசைவுக்கு ஏற்ப வளையும்.

பூச்சுள்ள துணியின் நீர்த்தடுப்புத் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுகிறார்கள். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி, அதில் நீரை ஊற்றிக்கொண்டே போவதாகக் கற்பனை செய்யலாம். எந்த உயரத்தில் நீர் துணியைத் துளைத்து வெளிவருகிறதோ, அந்த உயரமே அந்த எண். ‘3000 மில்லிமீட்டர்’ என்றால், மூன்று மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது பொருள்.

நின்றுகொண்டிருப்பவர் மீது விழும் மழைக்கு இவ்வளவு தேவையில்லை. உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நனைந்த இருக்கையில் அமர்கிறார் எனக் கொள்வோம். உடல் இருக்கையில் படும் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சராசரியாக 70 கிராம் எடை அழுத்தும். இது 70 சென்டிமீட்டர், அதாவது 700 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்குச் சமம். எலும்பு அழுத்தும் இடத்திலும் துணி மடியும் இடத்திலும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு கூடும். ஆகவே, சட்டைக்குப் போதுமான துணி காற்சட்டைக்குப் போதாமல் போகலாம்.

‘வியர்வையை வெளியேற்றும் துணி’ என்று விளம்பரப்படுத்தப்படும் மழையங்கிகளும் உண்டு. உட்புறத்தில் நீராவி அதிகமாகவும் வெளிப்புறத்தில் குறைவாகவும் இருந்தால்தான் அவ்வகைத் துணியின் வழியே வியர்வையின் ஆவி நன்றாக வெளியேறும். குளிர்ந்த நாடுகளில் இந்த வேறுபாடு பெரிது. நம் நாட்டில் மழை பெய்யும்போது வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்ததாகவும் இருப்பதால், வேறுபாடு மிகச் சிறிது. எனவே, இத்தகைய துணிக்காகக் கூடுதல் பணம் செலவிடுவதைவிட, முதுகுப்புறத்தில் மேல்மடிப்புக்குக் கீழே காற்றுத் திறப்பு உள்ள மழையங்கியை வாங்குவது பயன் தரும்.

ஊசி போட்ட துளைகள்

தந்தையின் காற்சட்டை நனைந்ததற்கான விடை தையலில் இருக்கிறது. தையல் இயந்திரத்தின் ஊசி, துணியில் ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் ஒரு துளை போடுகிறது. துணி 5000 மில்லிமீட்டர் அழுத்தத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கலாம். ஆனால், ஊசித் துளையில் பூச்சு இல்லை; நூல்தான் இருக்கிறது. அந்த நூலும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப்போல நீரை உள்ளே இழுக்கக்கூடும்.

இதைத் தடுக்க, மழையங்கியின் உட்புறத்தில் தையலின்மேல் ஒரு மெல்லிய பட்டையைச் சூடாக்கி ஒட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், பளபளப்பாக, தையலோடு சேர்ந்து ஓடும் இதனை நீர்காப்புப் பட்டை எனலாம். சில மழையங்கிகளில் எல்லாத் தையல்களுக்கும் பட்டை இருக்கும். சிலவற்றில் தோளிலும் தலைமூடியிலும் மட்டுமே இருக்கும். நடந்து செல்பவருக்கு இரண்டாவது வகை ஓரளவு போதும். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு மழை முன்புறத்திலிருந்து வேகமாக வந்து மோதுவதால், எல்லாத் தையல்களுக்கும் பட்டை தேவை. பி.வி.சி. மழையங்கிகளில் பலவற்றைத் தைக்காமல், விளிம்புகளை வெப்பத்தால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அவற்றில் ஊசித் துளை இல்லை. ஆனால், ஒட்டிய இடம் கோணலாகவோ விட்டுவிட்டோ இருந்தால் அங்கே கிழியும்.

பட்டை இருந்தால் மட்டும் போதாது. பல தையல்கள் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கையின் அக்குளிலும் காற்சட்டையின் கவட்டிலும் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சேர்கின்றன. அங்கே துணி தடித்துவிடுவதால் பட்டை சரியாகப் படியாமல் சிறு மேடாக நிற்கும். அதன் ஓரத்தில் நீர் நுழையும். உட்காரும்போது அதிக அழுத்தம் விழுவதும் ஏறக்குறைய அதே இடம்தான். அக்குறையை நீக்க, சில காற்சட்டைகளில் கவட்டில் சாய்சதுர வடிவத் துணித் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். அதனால், தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் விலகிச் செல்கின்றன. இருக்கையில் படும் இடத்தில் தையலும் இருப்பதில்லை.

முன்புறத்தில் உள்ள ஜிப்பும் ஒரு நீண்ட திறப்புதான். அதன் பற்களுக்கு இடையே நீர் எளிதாக நுழையும். அதை மூடும் துணி மடிப்பு மார்பு முழுவதும் இருக்க வேண்டும். அந்த மடிப்பு காற்றில் திறந்துகொள்ளாதபடி பொத்தானோ ஒட்டுப் பட்டையோ இருக்க வேண்டும்.

கடையில் ஒரு தேர்வு

தந்தையும் மகளும் 120 ரிங்கிட்டுடன் கடைக்குச் சென்றார்கள். முதலில் குடைகளைப் பார்த்தார்கள். ஒன்று 15 ரிங்கிட் விலையுள்ள மூன்று மடிப்புக் குடை. மற்றொன்று 38 ரிங்கிட் விலையுள்ள இரண்டு மடிப்புக் குடை.

“அப்பா, சின்னக் குடை பைக்குள் வசதியாகப் போகும். விலையும் குறைவு,” என்றாள் மகள்.

“இரண்டையும் விரித்துப் பார், அம்மா. பிறகு முடிவு செய்வோம்,” என்றார் தந்தை.

அவள் இரண்டு குடைகளையும் மும்முறை விரித்து மூடினாள். பிறகு, விரித்த நிலையில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல உலுக்கினாள். சிறிய குடையின் கம்பிகள் கலகலவென்று ஆடின. அதன் எல்லாக் கம்பிகளும் மெல்லிய எஃகு. மூட்டுகளில் துணிச் சுற்று இல்லை. நடுவில் கம்பிக்கு ஒரே ஒரு நூற்கட்டுதான் இருந்தது. பெரிய குடையை உலுக்கியபோது அது ஒரே பொருளாக அசைந்தது. அதன் வெளிக்கம்பிகள் கண்ணாடியிழை. கம்பிக்கு மூன்று நூற்கட்டுகள் இருந்தன. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, சிறிய குடையின் தையல் ஓரத்தில் ஊசித் துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. பெரிய குடையில் அவ்வாறு தெரியவில்லை. பையில் சற்று இடத்தை அடைத்துக்கொண்டாலும், கூரையில்லாத சாலையில் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருப்பதால் அவள் பெரிய குடையையே தேர்ந்தெடுத்தாள். பேருந்திலிருந்து இறங்கியதும் பள்ளி வாசல் என்றிருப்பவருக்குச் சிறிய குடையே பொருத்தமாக இருந்திருக்கும்.

அடுத்து மழையங்கி. 25 ரிங்கிட்டுக்குத் தலைவழியாக அணியும் தொளதொளப்பான அங்கி ஒன்று தொங்கியது. தந்தை அதைத் தொடவில்லை. காற்றில் பறக்கும் அதன் ஓரம் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. 72 ரிங்கிட்டுக்கும் 78 ரிங்கிட்டுக்கும் சட்டையும் காற்சட்டையும் சேர்ந்த இரண்டு மழையங்கிகள் இருந்தன. 72 ரிங்கிட் அங்கியின் அட்டையில் 5000 மில்லிமீட்டர் என்றும், மற்றதில் 3000 மில்லிமீட்டர் என்றும் அச்சிடப்பட்டிருந்தது.

“எண் அதிகம், விலை குறைவு. இதுதானே நல்லது?” என்று மகள் கேட்டாள்.

தந்தை இரண்டு காற்சட்டைகளையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். 5000 மில்லிமீட்டர் காற்சட்டையின் கவட்டில் நான்கு தையல்கள் சந்தித்தன. அந்த இடத்தில் பட்டையின் நுனி சற்றே தூக்கியிருந்தது. நகத்தால் தொட்டதும் மேலும் பிரிந்தது. மற்றதில் சாய்சதுரத் துண்டு இருந்தது. பட்டை எங்கும் சுருக்கமின்றி ஒட்டியிருந்தது. துணி தாங்கும் அழுத்தத்தைத் தையல் தாங்காவிட்டால், துணியின் எண்ணால் பயனில்லை. அவர் 78 ரிங்கிட் அங்கியை எடுத்தார். அதன் முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை இருந்ததும், இருண்ட மழையில் பின்னால் வருபவர்களின் கண்ணில் படுவதற்கு உதவும். இரண்டுக்கும் சேர்த்து 116 ரிங்கிட் செலவானது.

வீட்டிற்கு வந்ததும் அவர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். காற்சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, கவட்டுப் பகுதி பையைப்போலத் தொங்குமாறு பிடித்து, அதில் பத்து சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றினார்கள். பத்து நிமிடம் கழித்துத் தையலின்மேல் விரலால் தடவிப் பார்த்தார்கள், ஈரம் இல்லை. இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பத்து சென்டிமீட்டர் நீரின் அழுத்தம், இருக்கையில் விழும் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். இதில் ஒழுகும் காற்சட்டை மழையில் நிச்சயம் ஒழுகும். ஆனால், இதில் ஒழுகாதது மழையிலும் ஒழுகாது என்று உறுதி கூற முடியாது. ஆகவே, விலைச்சீட்டை எறியாமல் வைத்திருந்து, முதல் கனமழையில் மழையங்கியைக் கவனித்துக்கொள்வது நல்லது.

ஈரம் செய்யும் கேடு

நல்ல குடையையும் மழையங்கியையும் விரைவில் கெடுப்பது மழையன்று. மழைக்குப் பின் உலர்த்தாமல் வைப்பதே. ஈரத்தோடு உறைக்குள் மூடிய குடையில் ரிவெட் ஆணிகள் துரு பிடிக்கும், நூற்கட்டுகள் நைந்துபோகும். ஈரத்தோடு மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கடியில் திணித்த மழையங்கி இன்னும் மோசமாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு நாளடைவில் சிதையும். முதலில் உட்புறம் பிசுபிசுப்பாகும். பின் செதில்செதிலாக உரியும். அந்த நிலையை அடைந்த அங்கியைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே, வீட்டை அடைந்ததும் குடையை விரித்து வைத்தும், மழையங்கியை நிழலில் தொங்கவிட்டும் உலர்த்த வேண்டும். பட்டையின் நுனி பிரியத் தொடங்கினால், அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, தையலை அடைக்கும் பசையை உட்புறத்தில் மெல்லியதாகத் தடவலாம். குடையில் ஒரு நூற்கட்டு அறுந்திருந்தால், அன்றே ஊசி நூலால் கட்டிவிட வேண்டும். ஒரு கட்டு அறுந்ததால் சாயும் கம்பியே அடுத்த காற்றில் முறியும் கம்பி.

அருஞ்சொற்பொருள்

தாங்குகம்பி – குடைக்கம்பியை நடுவில் உந்தி விரித்து நிறுத்தும் சிறிய கம்பி
கண்ணாடியிழை – கண்ணாடியை நூலாக்கிப் பிசினோடு சேர்த்துச் செய்யப்படும் வளையும் பொருள்
நீர்காப்புப் பட்டை – ஊசித் துளைகளை மூடத் தையலின்மேல் ஒட்டப்படும் மெல்லிய நாடா
கவடு – காற்சட்டையின் இரு கால்களும் சேரும் இடம்
சாய்சதுரம் – நான்கு பக்கங்களும் சமமாக உள்ள சாய்ந்த கட்டம்

கருத்துணர் கேள்விகள்

1. மூன்று மடிப்புக் குடை, நீண்ட குடையைவிட எளிதில் முறிவதற்குக் காரணம் யாது?
2. காற்றின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டரிலிருந்து 108 கிலோமீட்டராக உயர்ந்தால், குடையின்மேல் விழும் விசை எத்தனை மடங்காகும்? விளக்குக.
3. வியர்வையை வெளியேற்றும் துணி மலேசிய மழையில் முழுப் பயன் தராதது ஏன்?
4. தந்தை 3000 மில்லிமீட்டர் மழையங்கியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவா? பகுதியிலிருந்து சான்று காட்டி உமது கருத்தை எழுதுக.
5. உமது வீட்டிலுள்ள குடை ஒன்றை விரித்துப் பார்த்து, அதில் முதலில் கெடக்கூடிய இடம் எது என்பதைக் காரணத்தோடு 80 சொற்களில் எழுதுக.